ராத்திரியில் கால்வலி, காலையில் ஓட்டம்: எப்போது கவலைப்பட வேண்டும்?

சுங்கை சிப்புட் பக்கம் தாமானில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, பையனுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளிக்குப் போகிறான். ராத்திரி 11 மணி வாக்கில் திடீரென்று எழுந்து "அம்மா, கால் வலிக்குது" என்று அழுகிறான். அம்மா அரை மணி நேரம் தேய்த்துவிட்டதும் தூங்கிவிடுகிறான். காலையில் பார்த்தால் ஸ்கூல் வேனுக்கு முதல் ஆளாக ஓடுகிறான். நாலைந்து நாள் ஒன்றும் இல்லை, அப்புறம் மறுபடியும் ஒரு ராத்திரி அதே அழுகை. "வளர்ற பிள்ள, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டு அக்காவோ இரத்தப் புற்றுநோய்க்கும் இப்படித்தான் கால் வலிக்குமாம் என்று சொல்லி அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் பாட்டி சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் எதை வைத்து அவர் சொல்வது சரி என்று முடிவு செய்வது?

வளர்ச்சி வலி என்று சொல்லப்படும் இது ஏறக்குறைய 3 வயதிலிருந்து 12 வயது வரை வரும். 1823-லேயே பிரான்சில் ஒரு மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனாலும் காரணம் இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. எலும்பு நீள்வதால் வலிக்கிறது என்ற விளக்கம் பொருந்தவில்லை, ஏனென்றால் குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வயதிலும் பருவம் எய்தும்போதும்தான், இந்த வலியோ இரண்டுக்கும் நடுவில், வளர்ச்சி நிதானமாகப் போகும் வருடங்களில் வருகிறது. இந்த வலி வரும் பிள்ளைகளுக்கு, லேசான அழுத்தத்தையே வலியாக உணரும் தன்மை மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக இருப்பதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நிறைய ஓடியாடிய நாளின் ராத்திரியில் கூடுதலாக வருவதும், அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் இதே கதை இருந்திருப்பதும் உண்டு. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் சாதாரணமாகவே இருக்கும். அதனால் "இது வளர்ச்சி வலிதான்" என்று நிரூபிக்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. வலியின் கதையைக் கேட்டும் காலைத் தொட்டுப் பார்த்தும்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார், அந்தக் கதையின் பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அழுகையின் சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, வளர்ச்சி வலியே பிள்ளையைக் கத்த வைக்கும். "எங்கேடா வலிக்குது, காட்டு" என்று கேட்டுவிட்டு அவன் கையைப் பாருங்கள். வளர்ச்சி வலி உள்ள பிள்ளை உள்ளங்கையால் கெண்டைக்கால், தொடை, முழங்காலின் பின்பக்கம் என்று பொதுவாகத் தடவிக் காட்டுவான். இரண்டு காலிலும் வரும், அல்லது இன்றைக்கு ஒரு கால், அடுத்த முறை இன்னொரு கால். தேய்த்துவிட்டால் இன்னும் தேய் என்று காலை நீட்டுவான். எலும்பிலோ மூட்டிலோ கோளாறு உள்ள பிள்ளை பல நேரம் தொடவே விடமாட்டான், ஒரு விரலால் ஓர் இடத்தைக் காட்டுவான், மறுநாள் கேட்டாலும் அதே இடம்தான். மூட்டுக்குள் வலி, வீக்கம், சூடு, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பாக நடப்பது, இவற்றில் எதுவும் வளர்ச்சி வலியில் வராது.

சரி, பிள்ளை பகலில் நன்றாக நடக்கிறான், அது போதாதா? பெரிய ஆறுதல்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று எலும்பில் வரும் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லை, பரவாது. பத்து வயதுக்கு மேல்தான் அதிகம் என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் வரலாம். ஆரம்பத்தில் நடையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ராத்திரியில் மட்டும் ஒரே காலில் ஒரே இடத்தில் குடையும். அதில் பெற்றோரை ஏமாற்றுவது என்னவென்றால், இபுபுரோஃபென் கொடுத்தால் அந்த வலி சட்டென்று அடங்கிவிடும். மருந்துக்குக் கேட்டுவிட்டது, அப்போ பெரிதாக ஒன்றும் இல்லை என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மருந்து கேட்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த அக்கா சொன்ன இரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். எலும்பு மஜ்ஜைக்குள் கெட்ட அணுக்கள் நெருக்கியடித்துப் பெருகுவதால் கால் வலிக்கும், அந்த வலியும் வந்து வந்து போகலாம். ஆனால் மஜ்ஜையில் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போவதால் வேறு அடையாளங்களும் பெரும்பாலும் சேர்ந்து வரும். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் வெளிறிப் போவது முகத்தில் சீக்கிரம் தெரியாது, கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், உள்ளங்கையை உங்கள் கையோடு வைத்துப் பாருங்கள். ஓடுகிற பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நீலக் காயங்கள் இருப்பது சாதாரணம், முதுகிலும் வயிற்றிலும் இருந்தாலோ, அழுத்தினாலும் மறையாத ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ சாதாரணம் இல்லை. விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை குறைவது, எப்போதும் ஓடுகிற பையன் மடியைவிட்டு இறங்காமல் சோர்ந்து கிடப்பது, கழுத்தில் நெறிக்கட்டு, இப்படி ஏதாவது ஒன்று கால்வலியோடு சேர்ந்தால் காத்திருக்காமல் கிளினிக் கேசிஹாத்தானுக்குப் போய்விடுங்கள், இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் பரிசோதனை நன்றாக இருந்தும் இந்த அடையாளங்கள் போகவில்லையென்றால் திரும்பப் போக வேண்டும், ஆரம்பக் கட்டத்தில் சில பிள்ளைகளுக்கு இரத்தத்தில் தெளிவாகத் தெரியாமல் போவதுண்டு.

இன்னொன்று, முழங்கால் வலி என்று பிள்ளை சொல்வது இடுப்பு மூட்டிலிருந்து வரலாம், இரண்டுக்கும் போகும் நரம்பு ஒன்றுதான். பையனை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோங்கள், தொடை உள்பக்கமாகத் திரும்பும். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குறைவாகத் திரும்பினாலோ முகத்தைச் சுளித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

வலி வந்த ராத்திரியில் தேய்ப்பதும், கையில் வைத்துப் பார்த்துத் தாங்குகிற அளவு சூட்டில் ஒத்தடம் கொடுப்பதும் பல நேரம் போதும். அதிலும் அடங்காவிட்டால் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை. நம் பையன் 16 கிலோ என்றால் 240 மில்லிகிராம். இங்கே கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. முதல் பாட்டிலில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. பாட்டிலை மாற்றியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், நம் ஊரில் அது டிங்கியாக இருக்கலாம், இரத்தக் கசிவை அது அதிகமாக்கும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால் எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்திருக்கலாம், விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தப் பையனுக்கு இரண்டு காலிலும் வலி, இடம் மாறுகிறது, தேய்க்கக் கேட்கிறான், காலையில் ஓட்டம், இமை சிவப்பு, இடுப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது. பாட்டி சொன்னதுதான் என்று நான் அவன் அம்மாவிடம் தைரியமாகச் சொல்வேன். ஆனாலும் வலி வந்த தேதி, எந்தக் கால், எந்த இடம் என்று காலண்டரில் குறித்து வரச் சொல்வேன். ஒரே காலில் ஒரே இடம் என்று திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் அது அங்கேதான் முதலில் தெரியும். நடையில் சந்தேகம் இருந்தால் அவன் எழுந்து நடக்கும் முதல் சில நிமிடத்தைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள், மதியம் டாக்டர் முன்னால் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் நொண்டிக் காட்டாது.