கோட்ரைமாக்சசோலை எப்போது நிறுத்தலாம்?

தையல் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. தொற்று தெரியவந்த நாளில் அவருடைய சிடி4, அதாவது நோய் எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, 85. எச்.ஐ.வி.-க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை தரும் மையத்தில் அதற்கான கூட்டு மாத்திரையோடு, வெள்ளையாக, பெரிதாக இன்னொன்றும் தினமும் ஒன்று என்று கொடுத்தார்கள். அதுதான் கோட்ரைமாக்சசோல். சல்பாமெதாக்சசோல் 800 மில்லிகிராம், டிரைமெத்தோபிரிம் 160 மில்லிகிராம் சேர்ந்தது.

அது முக்கியமாகத் தடுப்பது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையை. நுரையீரலின் காற்றுப்பைகளில் வளரும் இதை, சிடி4 செல்கள் போதுமான அளவு இருக்கும்வரை உடம்பே துடைத்துவிடும். எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் அந்த வேலை தடுமாறுகிறது. வறட்டு இருமலும் லேசான காய்ச்சலும் வாரக்கணக்கில் இழுக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 96 காட்டும். ஒரு மாடி ஏறி வந்து பார்த்தால் 88. ஆரம்பத்தில் எக்ஸ்ரேகூட சுத்தமாக இருக்கலாம் என்பதால், நடக்கவைத்துப் பார்ப்பது மிகவும் முக்கியம்.

ஃபோலேட் என்ற வைட்டமினை நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பூஞ்சை தானே தயாரித்தாக வேண்டும். சல்பா அந்தத் தயாரிப்பை அடைக்கிறது, டிரைமெத்தோபிரிம் அதற்கு அடுத்த படியை அடைக்கிறது. நியூமோசிஸ்டிஸ் விஷயத்தில் பெரும்பங்கு வேலை சல்பாவுடையதுதான்.

இரண்டாவது வாரத்தில் தையல்காரருக்கு உடம்பில் சிவந்த தடிப்பு வந்தது. சல்பாவுக்கு இது வழக்கமான நேரம். லேசான அரிப்பு மட்டும் என்றால் மருத்துவர் கண்காணிப்பில் பெரும்பாலும் தொடரலாம். வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம், தோல் உரிதல் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. அப்போது டாப்சோன் மாற்றாக இருக்கிறது. அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான பரிசோதனை அவசியம், குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் சிதைந்துவிடும்.

இவருக்குத் தடிப்பு அடங்கியது. ஆறு மாதத்தில் எடை கூடியது, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது, சிடி4 230 ஆனது. "நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், இதை விட்டுடலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அமெரிக்க வழிகாட்டுதல்படி, ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டு 200-க்கு மேல் மூன்று மாதம் நிலைத்தால் நிறுத்தலாம். இந்தியாவின் தேசியத் திட்டம் சிடி4 350-க்குக் கீழே இருந்தாலோ, நோய் முற்றிய மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தாலோ மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. நிறுத்த, ஆறு மாத இடைவெளியில் இரண்டு பரிசோதனைகளிலும் 350-ஐத் தாண்டியிருக்க வேண்டும், அந்தக் கட்ட நோய்கள் எதுவும் இருக்கக் கூடாது. இங்கே இந்த மாத்திரை டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பாக்டீரியா நிமோனியா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் சிலவற்றையும் தடுப்பதால்தான் இந்த உயர்ந்த வரம்பு. எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஆக, 230-இல் அவர் தொடர வேண்டும். அடுத்த ஆண்டு 372, ஆறு மாதம் கழித்து 410 என்று வந்தது, மருத்துவர் அப்போது நிறுத்தினார். ஏ.ஆர்.டி. மாத்திரை மட்டும் தொடர்கிறது. அதில் இடைவெளி விழுந்து சிடி4 மறுபடி இறங்கினால், கோட்ரைமாக்சசோலையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.