தண்ணீர் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு: நேரியல் மாதிரியில் வளைவைக் காண்பது

காரைக்குடியில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரச் சிறு தொழிற்கூடங்களுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில், கற்கள் சில மாதங்களில் உறுதியாகவும் சில மாதங்களில் எளிதில் உடைவனவாகவும் இருப்பதற்குக் காரணம் கேட்டார்கள். இந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. ஆகவே கலவையில் சேரும் தண்ணீரின் அளவைத்தான் முதலில் பார்த்தேன்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு, அதாவது 50 கிலோவுக்கு, 18 லிட்டர் முதல் 26 லிட்டர் வரை தண்ணீரை மாற்றி வார்த்தார்கள். மணல் ஒவ்வொரு கலவைக்கும் 100 கிலோ. ஊறவைத்த நாட்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பிறகு ஒவ்வொரு கல்லையும் இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, நடுவில் எடையை ஏற்றி, எத்தனை கிலோவில் உடைகிறது என்று குறித்தோம். கீழே வரும் எண்களை வாசகர் மனக்கணக்காகவே சரிபார்க்கும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன். கோடைக்கால உலர்ந்த மணலில் 18, 20, 22, 24, 26 லிட்டருக்கு உடையும் எடை முறையே 62, 74, 78, 74, 62 கிலோ.

இந்த ஐந்து புள்ளிகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் அதன் சாய்வு பூஜ்யம். தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு சாய்வு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பும் மிகப் பெரியதாக வரும். நான் வரைபடம் போடாமல் இந்த முடிவை மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீருக்கும் உறுதிக்கும் தொடர்பில்லை என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். அதைக் கேட்ட மேஸ்திரி, “தண்ணி கூடுனா கல்லு பொக்காப் போயிரும் தம்பி, கொறஞ்சா ஓரம் பிடிக்காம உதுந்துரும். அது எப்படிச் சம்பந்தமில்லாமப் போகும்?” என்றார். அவர் சொன்னதே வளைவின் இலக்கணம். நேர்கோடு கேட்கும் கேள்வி, தண்ணீர் கூடக் கூட உறுதி கூடுமா, குறையுமா என்பதுதான். ஓரிடம் வரை கூடி, அதன்பின் குறையும் ஒன்றை அந்தக் கேள்வியால் காணவே முடியாது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சுழியாகிவிடும்.

இதைக் காட்டிக்கொடுப்பது எச்சங்கள், அதாவது உண்மையான அளவிலிருந்து மாதிரி சொன்ன அளவைக் கழித்தால் மிஞ்சுபவை. நேர்கோடு எல்லா இடத்திலும் 70 என்று சொல்வதால் எச்சங்கள் −8, +4, +8, +4, −8 என வருகின்றன. இரண்டு ஓரங்களிலும் கழித்தல், நடுவில் கூட்டல். மாதிரி சரியாக இருந்தால் இந்தக் குறிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்க வேண்டும். இப்படி வில்போல் வரிசைகட்டி நின்றால் வர்க்க உறுப்பு ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள். தண்ணீரோடு தண்ணீரின் வர்க்கத்தையும் சேர்த்துவிட்டால் எச்சங்கள் அடங்கிவிடும். அப்போதும் இது நேரியல் மாதிரியே, ஏனெனில் நேரியல் என்பது குணகங்களை, அதாவது ஒவ்வொரு உறுப்பையும் பெருக்கும் எண்களைப் பற்றிய சொல். படத்தில் வரும் கோட்டின் வடிவத்தைப் பற்றியதன்று.

வர்க்கத்தைச் சேர்க்கும்போது லிட்டரை அப்படியே போடாமல், நடுவளவான 22-ஐக் கழித்துவிட்டுப் போடுங்கள். லிட்டரை x என்று வைத்து, கழிக்காமல் போட்டால் சமன்பாடு −406 + 44x − x² என்று வரும். தண்ணீரே இல்லாத கலவைக்கு −406 கிலோ உறுதி என்பதற்கு அர்த்தமில்லை. 44 என்ற குணகமும் தண்ணீர் பூஜ்யமாக இருக்கும் இடத்துச் சாய்வுதான். தண்ணீரும் அதன் வர்க்கமும் இந்த வரம்பில் 0.998-க்கும் மேலான ஒட்டுறவு கொண்டிருப்பதால், அந்த 44-இன் திட்டப்பிழையும், அதாவது கணிப்பின் தடுமாற்றமும், வீங்கிவிடும். 22-ஐக் கழித்த எண்ணை w என்று வைத்தால் அதே வளைவு 78 − w² என்று எளிதாகிறது, ஒட்டுறவும் நீங்குகிறது. கணிப்பு மாறுவதில்லை, குணகங்களைப் படிக்க முடிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணலைக் கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதுதான் விஷயம் முழுதும் புரிந்தது. இம்முறை உடையும் எடை 77, 77, 69, 53, 29. சராசரி 61, கோடையில் அது 70. ஈரத்தைத் தனி மாறியாக மட்டும் சேர்த்த மாதிரி, ஈர மணல் ஒன்பது கிலோ உறுதியைக் குறைக்கிறது என்று சொல்லும். அதை நம்பினால் பட்டறைக்காரர் மழைக்காலத்தில் கூடுதல் விலைக்கு உலர்ந்த மணல் தேட வேண்டியிருக்கும். ஆனால் எண்களைப் பாருங்கள்: 18 லிட்டரில் ஈர மணல்தான் 15 கிலோ கூடுதல் உறுதி தருகிறது, 24 லிட்டரில் 21 கிலோ குறைவு. ஈரத்தின் விளைவு எவ்வளவு என்ற கேள்விக்குத் தண்ணீரின் அளவைச் சொல்லாமல் விடையே இல்லை. ஒன்றின் விளைவு மற்றொன்றின் அளவைப் பொறுத்து மாறும்போது, இரண்டையும் பெருக்கி வரும் இடைவினை உறுப்பு மாதிரியில் இருந்தாக வேண்டும்.

மணலின் ஈரத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டியிருக்கவில்லை. ஒரு கிலோ மணலை இரும்பு வாணலியில் கிளறி வறுத்து மீண்டும் நிறுத்தோம். 970 கிராம் இருந்தது. 30 கிராம் தண்ணீர். அப்படியானால் 100 கிலோ மணலில் மூன்று லிட்டர். இந்த அளவை m என்று வைத்து, ஆர் மென்பொருளில் இப்படிப் பொருத்தலாம்:

```
d$w <- d$litre - 22
lm(kg ~ w + I(w^2) + m + w:m + I(m^2), data = d)
```

`I( )` இல்லாமல் `w^2` என்று மட்டும் எழுதினால் ஆர் அதை w என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, வளைவும் வராது. இன்னொன்று, m-க்கு 0, 3 என்ற இரண்டு அளவுகள் மட்டுமே இருந்தால் m-இன் வர்க்கத்தைத் தனியே கணிக்க இயலாது, `NA` என்று வரும். மூன்று வெவ்வேறு ஈர அளவுகளாவது வேண்டும் என்பதால், மழை விட்ட சில நாட்களுக்குப் பின் மறுபடி மணல் எடுத்து வார்த்தோம்.

கிடைத்த சமன்பாடு ஏறத்தாழ 78 − w² − 2wm − m². இதைக் கூர்ந்து பார்த்தால் 78 − (w + m)² என்பதன் விரிவு என்று தெரியும். சேர்த்த தண்ணீரும் மணலில் இருந்த தண்ணீரும் கூடிய மொத்தத் தண்ணீர்தான் உறுதியைத் தீர்மானிக்கிறது. நாம் கண்ட இடைவினை, அந்த மொத்தத்தின் வளைவு விட்டுச்சென்ற தடமே. என் அனுபவத்தில் பல இடைவினைகள் இப்படித்தான், சரியான மாறியை நாம் இன்னும் உண்டாக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கின்றன. காரணம் தெரிந்த இடத்தில் மொத்தத் தண்ணீர் என்ற ஒரே மாறியும் அதன் வர்க்கமும் போதும். காரணம் தெரியாத இடத்தில் பெருக்கல் உறுப்பை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் w, m ஆகிய தனி உறுப்புகளை, பி மதிப்பு பெரிதாக இருக்கிறது என்பதற்காக நீக்கிவிடாதீர்கள். w-ஐ நீக்கினால் உலர் மணலுக்கான வளைவின் உச்சி நாம் தேர்ந்த நடுவளவில் கட்டாயமாகப் பூட்டப்பட்டுவிடும்.

படியை மேலும் உயர்த்தும் ஆசையும் வரும். ஐந்து தண்ணீர் அளவுகள் உள்ள இடத்தில் நான்காம் படிப் பல்லுறுப்பு ஐந்து சராசரிகளையும் தொட்டுக்கொண்டே போகும், அளவைப் பிழைகளையும் சேர்த்து. சில கலவைகளை ஒதுக்கி வைத்து, மற்றவற்றால் பொருத்தி, ஒதுக்கியவற்றைக் கணிக்கச் சொன்னபோது இரண்டாம் படிக்கு மேல் பிழை குறையவில்லை. அதோடு நிறுத்தினோம். இரண்டாம் படியும் அளந்த வரம்புக்குள் மட்டுமே செல்லும்: உலர் மணலுக்கு 32 லிட்டர் என்று கொடுத்தால் இந்தச் சமன்பாடு −22 கிலோ என்கிறது.

இப்போது பட்டறையில் காலையில் முதல் வேலையாக ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து நிறுக்கிறார்கள். 22 லிட்டரிலிருந்து மணலின் தண்ணீரைக் கழித்து மீதியை ஊற்றுகிறார்கள். மூன்று லிட்டர் ஈரம் என்றால் 19. மணல் எடுக்கும் இடம் மாறினால் 22 என்ற அந்த எண்ணை மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார் மேஸ்திரி.