சிக்குன்குனியா: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்

2006-ல் இந்தக் காய்ச்சல் நம் பக்கம் பரவியபோது பேரை வைத்தே சிலர் கோழிக்கறியை விட்டுவிட்டார்கள். "சிக்கன் குனியா" என்று காதில் விழுந்ததால் வந்த வினை. கோழிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசுதான் இதைப் பரப்புகிறது.

சொல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-53-ல் இன்றைய தான்சானியாவின் தெற்கில், மக்கொண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. வந்தவர்கள் மூட்டு வலியில் நிமிர முடியாமல் வளைந்து சுருண்டு கிடந்தார்கள், அதைப் பார்த்து அந்த மக்கள் தங்கள் மக்கொண்டே மொழியில் வைத்த பெயர்தான் சிக்குன்குனியா. 'வளைய வைப்பது' என்று பொருள். சுவாகிலி மொழிச் சொல் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது சரியில்லை. நம் ஆட்கள் 'சிக்கன்' என்று கேட்டது தப்பு, ஆனால் 'குனிய' என்று கேட்டது தற்செயலாகப் பொருளுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பெயரில் மூட்டு மட்டும்தான் இருக்கிறது, தோல் இல்லை. குழப்பமே அங்கேதான் வருகிறது.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற எங்கள் மதினிக்கு நடந்ததைச் சொல்கிறேன். திடீரென்று கடும் காய்ச்சல், அன்றைக்கே விரல் கணுக்களும் மணிக்கட்டும் கணுக்காலும் பிடித்துக்கொண்டன. காலையில் எழுந்தால் இலை வெட்டுகிற கத்தரிக்குள் விரலை நுழைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வயிற்றிலும் கைகளிலும் சிவப்பாகத் தடிப்பு வந்து அரித்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள், ஆனால் இந்தக் காய்ச்சலில் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் இப்படித் தடிப்பு வருவது வழக்கம்தான். சில நாளில் அது தானே அடங்கியது, காய்ச்சலும் போனது.

கருமை வந்தது அதற்கப்புறம், ஏறக்குறைய மூன்றாவது வாரம். முதலில் மூக்கு நுனி, பிறகு இரண்டு கன்னமும், முன்கையிலும் திட்டுத்திட்டாக. "ஏ மதினி, மூக்குல என்ன மை அப்பின மாதிரி இருக்கு?" என்று மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டபிறகுதான் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் விட்டு நாளாகிவிட்டதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மங்கு என்று சொல்லி, கடையில் கேட்டு ஒரு வெளுக்கும் களிம்பை வாங்கித் தடவினாள். அப்படி விற்கிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், நாள்பட முகத்தில் தடவினால் தோல் மெலிந்து பரு கிளம்பும், விட்டதும் முகம் எரியும். தோல் மருத்துவர் மூக்கைப் பார்த்ததுமே "போன மாசம் காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றுதான் கேட்டார். மூக்கு நுனிக் கருமை அந்த அளவுக்கு இந்த நோயின் அடையாளம். தோலில் உள்ள மெலனின் நிறமி கூடுதலாகப் பரவித் தங்குவதால் வருவது இது, தழும்பு கிடையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் மெல்ல மங்கிவிடும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதனால் இதை 'மங்கு' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மங்கு வருடக்கணக்கில் நிற்கும், காய்ச்சலோடு சேர்ந்து வராது. 'காய்ச்சல் கருமை' என்றால் காரணமும் பேரிலேயே வந்துவிடும். சிவப்புத் தடிப்புக்குத் 'தடிப்பு' என்பதே போதும், புதுச்சொல் வேண்டாம்.

நோய்க்குத் தமிழ்ப்பெயர்? 'எலும்பு முறிக்கும் காய்ச்சல்' டெங்குவைக் குறிப்பது, இதற்கு வைத்தால் ஆபத்து. இரண்டும் ஒரே கொசுவால் வருகின்றன, டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ போட்டால் ரத்தக்கசிவு வரலாம். 'மூட்டுக் காய்ச்சல்' எளிமையாக இருக்கிறது, ஆனால் மூட்டில் சீழ் பிடித்து வருகிற காய்ச்சலையும் அப்படிச் சொல்லிவிடலாம். நான் 'முடக்குக் காய்ச்சல்' என்பேன். கையைக் காலை முடக்கிப்போட்டுவிட்டது என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம், மக்கொண்டே சொல்லின் வளைவும் அதில் இருக்கிறது.

ஒரு சிக்கல், ஏற்கெனவே முடக்கு வாதம் என்று வேறொரு நோய் இருக்கிறது. பெயர் மட்டுமில்லை, வலியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், சின்ன மூட்டுகள், இரண்டு கையிலும், காலையில் விறைப்பு. காய்ச்சல் திடீரென்று வந்து, தடிப்பு வந்து, பின்னால் மூக்கு கறுத்திருந்தால் முடக்குக் காய்ச்சல் பக்கம்தான் சந்தேகம் போகும். முதல் வாரத்தில் வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனை, அதற்கப்புறம் ஐஜிஎம் என்கிற எதிர்ப்பொருள் பரிசோதனை, இப்படித்தான் உறுதி செய்வார்கள். வலியும் வீக்கமும் மூன்று மாதம் தாண்டியும் நின்றால் மூட்டுநோய் மருத்துவரிடம் காட்டி முடக்கு வாதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், ஏனென்றால் அதற்கான மருந்து வேறு.