இருவர் சேர்ந்து கடை வைக்கும்போது: கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் லாபம், முதல், விலகல்

நண்பர்கள் இருவர் மளிகைக் கடை தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்வம் 6 லட்சம் ரூபாய் முதல் போடுகிறார். வேறு வேலை இருப்பதால் கடைக்கு வரமாட்டார். குமார் போடுவது 2 லட்சம். காலையில் கதவைத் திறப்பதும் இரவில் கல்லாவை எண்ணி முடிப்பதும் அவர்தான்.

இவர்கள் எதையும் எழுதிவைக்காவிட்டால், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பேசும். யார் எவ்வளவு முதல் போட்டார் என்று அது பார்ப்பதில்லை. லாபமும் நட்டமும் சரிபாதி. முதலுக்கு வட்டியும் இல்லை, உழைப்புக்குச் சம்பளமும் இல்லை. முதலாண்டு லாபம் 3,60,000 என்றால் ஆளுக்கு 1,80,000. பணம் போட்டவருக்கும் மனக்குறை, பாடுபட்டவருக்கும் மனக்குறை.

விகிதத்தை 60-40, 70-30 என்று பேரம் பேசுவதைவிட, பணத்துக்கும் உழைப்புக்கும் தனித்தனியே கூலி எழுதுவதுதான் நியாயம் என்பேன். முதலுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி: செல்வத்துக்கு 72,000, குமாருக்கு 24,000. குமாருக்கு மாதம் 12,000 சம்பளம்: ஆண்டுக்கு 1,44,000. மிஞ்சும் 1,20,000 ஆளுக்குப் பாதி. ஆக, செல்வத்துக்கு 1,32,000, குமாருக்கு 2,28,000. முதலுக்கான வட்டி லாபத்திலிருந்து மட்டுமே தரப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நட்டமான ஆண்டிலும் சம்பளம் உண்டா என்பதைப் பத்திரமே சொல்ல வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது நட்டத்தின் பங்கை. கடை 5 லட்சம் நட்டத்தில் மூடப்பட்டால், சரிபாதிக் கணக்கில் ஆளுக்கு 2,50,000. குமாரின் முதல் 2 லட்சமும் போய், இன்னும் 50,000 அவர் கையிலிருந்து தர வேண்டும். இது வேண்டாமென்றால், நட்டத்தை முதலின் விகிதத்தில், 3:1 என்று பிரித்து எழுதலாம். ஆனால் அது இருவருக்கும் இடையில்தான் செல்லும். சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி முழுக் கடனையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இனி விலகல். கால வரம்போ முடியும் விதமோ எழுதாத கூட்டை, ஒருவர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிட முடியும். இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் போனாலே, இறந்தாலும்கூட, நிறுவனம் முடிந்துவிடும். ஆகவே மூன்று மாத முன்னறிவிப்பு, மற்றவர் பங்கை வாங்கிக் கடையைத் தொடரும் உரிமை, பணம் தரும் தவணை மூன்றையும் எழுதுங்கள். வாரிசுகளுக்கும் இதே கணக்கு என்று ஒரு வரி சேருங்கள்.

சண்டை பெரும்பாலும் மதிப்பில்தான் வரும். அலமாரியில் இருக்கும் சரக்கு வாங்கிய விலைக்கா, விற்கும் விலைக்கா? வாடிக்கையாளர் நோட்டில் உள்ள கடன் பாக்கி வசூலாகாவிட்டால் யார் தலையில்? கடையின் நற்பெயருக்கு விலை உண்டா? வாங்கிய விலை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி வசூலான பிறகே பங்கு என்று தெளிவாக எழுதலாம். கட்டட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸ் ஒருவர் பெயரில் இருந்தால், அது கடையின் பணம் என்றும் பத்திரத்தில் இருக்கட்டும்.

கணக்குத் தீர்க்காமல் ஒருவர் கடையைத் தொடர்ந்து நடத்தினால், விலகியவர் தன் சொத்துப் பங்கினால் விளைந்த லாபத்தையோ, பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ, தன் விருப்பப்படி கேட்க 37ஆம் பிரிவு இடம் தருகிறது.