முந்தானை காற்றில் எப்படிப் பறக்கிறது?

காற்றில் பறக்கும் முந்தானையை வரையச் சொன்னால் நம்மில் பலர் ஒரே மாதிரிதான் வரைவோம். தோளிலிருந்து ஒரு பட்டையை இழுத்து, சம இடைவெளியில் நான்கைந்து நெளிவுகளைப் போட்டு முடித்துவிடுவோம். நானும் வெகுநாள் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். அது துணி மாதிரி இருக்காது, தகரக் கூரை மாதிரி இருக்கும். எங்கே பிசகுகிறது என்பது, மடிப்பு ஏன் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

ஒரு கைக்குட்டையை எடுத்து நூல் போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், அனேகமாக நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மடக்கினாலோ எதிர்ப்பே இல்லாமல் மடங்கும். துணியின் குணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது: மடங்குவதற்கு அதற்குச் சிரமமில்லை, நீள்வதற்குத்தான் மனமில்லை. இப்படிப்பட்ட ஒன்றைத் தோள் போன்ற உருண்டையான இடத்தின் மேல் போட்டால், ரப்பர் போல இழுபட்டு ஒட்டிக்கொள்ள அதனால் முடியாது. மிஞ்சும் துணி எங்கேயாவது போயாக வேண்டும். அது போய் ஒதுங்கும் இடமே மடிப்பு.

அதனால் மடிப்புக் கோடுகள் நினைத்த இடத்தில் தொடங்குவதில்லை. துணியை எது பிடித்திருக்கிறதோ அங்கிருந்துதான் கிளம்பும். முந்தானைக்கு அது தோளில் குத்தியிருக்கும் சேஃப்டி பின். பின்னுக்குப் பக்கத்தில் மடிப்புகள் ஒல்லியாக, நெருக்கமாக இருக்கும். விலகிப் போகப் போக இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றாகி, அகலமாகி, விசிறி போல விரியும். முழங்கையில் துணி இன்னொரு முறை மாட்டிக்கொண்டால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே புதிதாகக் கோடுகள் இழுபடும். பிடிப்பே இல்லாத நட்டநடுவில் திடீரென்று ஒரு கூர்மையான மடிப்பைப் போட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

சரி, இப்போது காற்றை விடுவோம். முந்தானை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். புடவைத் துணி ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசுகிறது. அந்தக் காற்று, நேருக்கு நேர் நிற்கும் ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ 240 கிராம் எடைக்குச் சமமாகத் தள்ளும். துணியின் எடையைப்போல இது இரண்டரை மடங்கு. ஆனாலும் துணி கிடைமட்டமாகிவிடாது. எழும்ப எழும்ப அது காற்றுக்குச் சாய்ந்துகொடுக்கிறது, காற்றின் பிடியும் தளர்கிறது. எடையும் தள்ளலும் சமமாகும் இடத்தில் துணி நின்றுவிடும். கணக்குப் போட்டால், நேராகத் தொங்கும் நிலையிலிருந்து சுமார் 54 பாகை வருகிறது.

அதே புடவையை ஆறு மடிப்பாக மடித்துப் பின் குத்தினால் கதை மாறுகிறது. காற்றுக்குத் தெரியும் பரப்பு ஒரு மடிப்பின் அகலம்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஆறு அடுக்கின் எடை இருக்கிறது. இப்போது சதுர மீட்டருக்கு 600 கிராம். அதே இளங்காற்றில் அது 20 பாகைதான் எழும்பும். அதை 54 பாகைக்குக் கொண்டுபோக வினாடிக்கு 5 மீட்டர் காற்று வேண்டும். ஒற்றையாக விட்ட முந்தானையோ அந்த வேகத்தில் 75 பாகைக்குப் போய்விடும். படத்தில் முந்தானை மடித்துக் குத்தியிருக்க, தலைமுடி லேசாக மட்டும் அசைய, முந்தானை மட்டும் கொடி போல நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதனால்தான்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. முழு நீளத்துக்கும் எடை ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரே சாய்வில் நிற்கும். அதாவது முந்தானை வில்லாக வளையாது, ஏறக்குறைய நேர்கோடாகச் சாய்ந்திருக்கும். வளைவு வருவது எடை மாறும்போதுதான். தோளில் மடிப்புகள் சேர்ந்திருந்து கீழே பிரிந்துவிட்டால், மேல்பகுதி செங்குத்தாக இறங்கி, கீழ்ப்பகுதி லேசாகித் தூக்கிக்கொள்ளும். நுனியில் கனமான சரிகை இருந்தால் நேர்மாறு: மேலே நன்றாகச் சாய்ந்து போய், கடைசியில் கீழ்நோக்கித் தொய்யும். இந்த இரண்டு வளைவுகளையும் மாற்றிப் போட்டால் பட்டு ஷிஃபான் போலவும், ஷிஃபான் பட்டு போலவும் தெரியும்.

அப்புறம் படபடப்பு. இதற்குக் காற்று விட்டுவிட்டு வீச வேண்டும் என்றில்லை, சீரான காற்றிலும் துணி படபடக்கும். நியூயார்க்கில் சில ஆய்வாளர்கள் கீழ்நோக்கி ஓடும் சோப்புப் படலத்தில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, 2000-இல் அதை வெளியிட்டார்கள். நூல் குட்டையாக இருந்தவரை நேராக, அசையாமல் நின்றது. போதிய நீளம் வந்தபோது படபடக்கத் தொடங்கியது. ஒரு இடைப்பட்ட நீளத்தில் இரண்டு நிலையுமே சாத்தியமாக இருந்தது: சும்மா விட்டால் நேராக நிற்கும், ஒரு முறை தட்டிவிட்டால் படபடத்துக்கொண்டே இருக்கும். கழுத்தில் சுற்றிய ஸ்கார்ஃபின் குட்டை முனை நீட்டியபடி நிற்க, நீண்ட முனை அடித்துக்கொள்வதில் இந்த நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

படபடக்கும் துணியில் அலை, பிடித்த இடத்திலிருந்து நுனியை நோக்கி ஓடும். பின்னுக்கு அருகில் அசைவு கண்ணுக்கே தெரியாது, நுனியில் சாட்டையடி மாதிரி இருக்கும். சம அளவில் நெளிவு போட்டால் தகரமாகிப் போவது இதனால்தான். அசைவூட்டப் படம் செய்பவர்கள் முழுத் துணியையும் ஒரே நேரத்தில் இடவலமாக ஆட்டினாலும் இதே தவறுதான். தோளருகே போன நெளிவு நுனிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர வேண்டும்.

கீழே இருக்கும் கொசுவத்தில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஐந்தாறு அடுக்கு சேர்ந்து கனமாக இருப்பதோடு, அடிக்கரையில் தைத்த ஃபால்ஸ் வேறு அதைக் கீழே இழுக்கிறது. முன்னாலிருந்து காற்றடித்தால் அது பறப்பதில்லை, காலோடு ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் தொடையும் முழங்காலும் வடிவாகத் தெரியும், மடிப்பு அனேகமாக இருக்காது. மிஞ்சிய துணி எல்லாம் இரண்டு கால்களுக்கு நடுவிலும் பின்பக்கமும் போய்ச் சேரும். மடிப்புகள் முழங்கால் போல முட்டி நிற்கும் இடத்திலிருந்து கிளம்பிக் காற்றுப் போகும் பக்கமாக ஓடும். கஞ்சி போட்ட பருத்தி என்றால் இவை எண்ணிக்கையில் குறைந்து, வளைவு பெரிதாகி, விளிம்புகள் விறைப்பாக நிற்கும்.

என் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன்: உடம்பு. காற்றுக்குக் குறுக்கே ஒரு ஆள் நின்றால், அவர் முதுகுக்குப் பின்னால் காற்று மந்தமாகிச் சுழலும். அங்கே தொங்கும் துணிக்கு 54 பாகையும் கிடையாது, 20 பாகையும் கிடையாது. அது இப்படியும் அப்படியும் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருக்கும். ஒரே துப்பட்டாவின் ஒரு முனை தோளைத் தாண்டிப் பறக்க, மற்றது முதுகோடு சும்மா கிடக்கும்படி வரைந்தால் அது பிழை இல்லை.