'ஒளிரும்' என்றால் எரியுமா, சிமிட்டுமா?

ஒரு சொல்லைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன ஐப்பசி மழையில் எங்கள் அத்தான் காரில் நடந்த கூத்துக்கு அப்புறம் தள்ளிப்போட முடியவில்லை. சொல் 'ஒளிரும்'. கார் கையேட்டிலும் செல்பேசிச் செயலியிலும் 'ஃபிளாஷிங்' என்று வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஒளிரும்' என்று போடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

சொல்லின் கதை சின்னது. ஒளி என்பதிலிருந்து ஒளிர். ஒளி விடு, பிரகாசி என்று பொருள். நிலா ஒளிரும், குத்துவிளக்கு ஒளிரும். எரிகிற ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருப்பது அது. நடுவில் அணையும், மறுபடி எரியும் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை. 'ஃபிளாஷிங்' என்பதோ விட்டு விட்டு எரிவது. சொல் விளக்கம் இவ்வளவுதான், இனிமேல்தான் சண்டை.

அத்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் வண்டி, நல்ல மழை. சேரன்மகாதேவி தாண்டினதும் வண்டி இழுக்கவில்லை, குலுங்குகிறது, டேஷ்போர்டில் என்னவோ ஒரு விளக்கு. ஓரமாக நிறுத்தி அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கையேட்டைப் புரட்டியிருக்கிறார். அதில் இருந்தது ஏறக்குறைய இப்படி: 'எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்தால் விரைவில் பணிமனையை அணுகவும். ஒளிரும் பட்சத்தில் உடனடியாக வேகத்தைக் குறைக்கவும்.' ஒளிர்ந்தால் ஒன்று, ஒளிரும் பட்சத்தில் இன்னொன்றாம்! மூலத்தில் முதலாவது 'எரிந்தபடி இருந்தால்', இரண்டாவது 'விட்டு விட்டு எரிந்தால்'. மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஒன்று. அத்தான் முதல் வரியைப் பிடித்துக்கொண்டார். விரைவில் என்றால் நாளைக்குப் போனால் போதும் என்று எண்ணி, மிச்ச தூரத்தையும் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட அந்த விளக்கு அசையாமல் நின்று எரிந்தால், புகை சம்பந்தமான ஏதோ ஒரு கோளாறை வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது, பார்த்துவிடு என்று அர்த்தம். பல நேரம் ஒரு சென்சாராக இருக்கும். வண்டி ஒழுங்காக ஓடினால் இரண்டு நாள் தாமதித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கதை வேறு. அந்த நேரத்தில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை, நம்ம ஊர் மெக்கானிக் சொல்கிற 'மிஸ்ஸிங்', அதுவும் கேடு செய்கிற அளவில் மிஸ்ஸிங். பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே இருக்கிற பீங்கான் கூடு உருகிப்போகும். பிளக்குக்கு மின்சாரம் கொடுத்துப் பொறி வரவைக்கிற ஒரு காயிலோடு முடிகிற செலவு பல மடங்காவது இப்படித்தான். மெதுவாக ஓட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காதே, குலுக்கல் நிற்கவில்லையென்றால் வண்டியை நிறுத்து என்று சொல்லத்தான் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. அந்த ஒரே ஒரு வித்தியாசத்தைத்தான் தமிழாக்கம் தின்றுவிட்டது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். போட்டோவைக் காட்டலாம் என்று போனை எடுத்தால் போட்டோ இல்லை. கேம் ஏற்ற இடம் வேண்டுமென்று மருமகன் கேலரியில் கடைசியாக எடுத்த படங்களை மொத்தமாக வழித்துவிட்டிருந்தான். அத்தானுக்கு முகம் வாடிவிட்டது. அண்ணாச்சிக்கு ஒரு கவலையும் இல்லை.

"போட்டோ எதுக்கு? என்ன கலரு, சொல்லுங்க."

"செவப்பு. இல்ல, ஆரஞ்சு மாதிரி."

"படம்? மூக்கு வச்ச கிண்டி மாதிரியா, பம்புசெட்டு மோட்டார் மாதிரியா?"

கிண்டி என்றால் ஆயில் விளக்கு. அது சிவப்பு. அது ஓடுகிற வண்டியில் எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். பம்புசெட்டு என்றால் எஞ்சின் விளக்கு. அத்தான் யோசித்துக்கொண்டே நின்றார். அண்ணாச்சி சாவியை வாங்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினார். அப்படித் திருப்பினால் டேஷ்போர்டில் இருக்கிற முக்கியமான விளக்குகள் சோதனைக்காகத் தாமே எரியும். சில விளக்குகள் கொஞ்ச நொடியில் அணைந்துவிடும், எஞ்சின் விளக்கும் ஆயில் விளக்கும் ஸ்டார்ட் பண்ணும் வரை நிற்கும். பல்வகைப் பூக்களை வரிசையாக வைத்த மாதிரி அவ்வளவும் கண்முன் வந்ததும் அத்தான் விரல் நேராக மஞ்சள் எஞ்சின் படத்துக்குப் போனது. நிறமும் வடிவமும் அரை நிமிடத்தில் தீர்ந்தது. ஸ்டார்ட் பண்ணின பிறகும் விளக்கு எரிந்தபடியேதான் இருந்தது, ஆனால் அசையாமல். வண்டியிலும் குலுக்கல் இல்லை.

இப்போதுதான் அண்ணாச்சி அசல் கேள்வியைக் கேட்டார். "நேத்து நின்னு எரிஞ்சுதா, விட்டு விட்டு எரிஞ்சுதா?"

அத்தான் சொன்ன பதில்: "ஒளிர்ந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளில் அந்தச் சொல்லை வாயால் சொல்லியிருக்க மாட்டார், கையேட்டில் படித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. பார்த்ததை மறக்கடித்து அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளவும் ஒரு சொல்லால் முடிகிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: போட்டோ இருந்திருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. போட்டோவில் எல்லா விளக்கும் நின்றுதான் எரியும். அணைந்த நொடியில் எடுத்திருந்தால் விளக்கே இருக்காது. பத்து நொடி வீடியோ எடுத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் ஓட்டினவர் ஞாபகம்தான் சாட்சி.

அண்ணாச்சி விடவில்லை. "இண்டிகேட்டர் போட்டா உள்ள ஒரு அம்பு அடிக்குமே, அப்படியா?" என்றார். அத்தான் சட்டென்று, "ஆமா! இண்டிகேட்டர அணைக்க மறந்துட்டோமோன்னு கை லீவருக்குப் போச்சு, அண்ணாச்சி. போட்டிருக்கவே இல்ல" என்றார். கண் மறந்ததைக் கை வைத்திருந்தது. ஸ்கேனரை மாட்டியதும் P0302 என்று வந்தது, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு, பிளக் குழிக்குள் ஈரம் இருந்தது போல லேசாகத் தண்ணீரும் தெளித்து ஓட்டிப் பார்த்தார். இப்போது வந்தது P0303, விளக்கும் கண்முன்னே விட்டு விட்டு எரிந்தது. குற்றம் காயிலோடு இடம் மாறிவிட்டதால் பிளக்கும் இன்ஜெக்டரும் தப்பித்தன. காயிலின் ரப்பரில் மயிரிழை விரிசல், மழை ஈரத்தில் அது வழியே மின்பொறி கசிந்திருக்கிறது. காய்ந்ததும் மிஸ்ஸிங் நின்றது, விளக்கும் சிமிட்டுவதை விட்டு நின்று எரிந்தது. கன்வெர்ட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தானுக்கு நல்ல நேரம்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஒளிரும்' வேண்டாம் என்றால் வேறு என்ன?

'மின்னும்' என்பார்கள். மின்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஆனால் மூக்குத்தி நாள் முழுக்க மின்னுகிறதே. 'மினுக்கும்' என்றால் எங்கள் ஊரில் அலங்கரித்துக்கொண்டு திரிவது. தூய தமிழ் நண்பர் ஒருவர் 'இமைப்பொளி' என்று ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். அவரோடு பாளையங்கோட்டை டீக்கடையில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். இமைத்தல் பழைய சொல், அழகான சொல், கண் இமைப்பது மூடித் திறப்பதுதானே என்கிறார். வாஸ்தவம்தான். ஆனால் பழைய தமிழில் இமைத்தலுக்கு ஒளிவிடுதல் என்றும் பொருள் உண்டு. திருமுருகாற்றுப்படை மூன்றாம் அடியிலேயே 'ஓவற இமைக்கும்' ஒளி வருகிறது. ஓவு அற என்றால் இடைவிடாமல். இடைவிடாமல் எரிகிற ஒளிக்கும் இமைக்கும் என்றே நக்கீரர் சொல்லியிருக்கும்போது, விட்டு விட்டு எரிவதற்கு அதையே கொண்டுவந்தால் 'ஒளிரும்' செய்த அதே குழப்பம்தானே? பழமை இருந்தால் போதும், தெளிவு தானாக வந்துவிடும் என்று நினைப்பது இவர்களுடைய வியாதி. நண்பர் டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார்.

என் ஓட்டு 'சிமிட்டும்' என்பதற்கு. கண்ணைச் சிமிட்டுவது மூடித் திறப்பதைத் தவிர வேறு எதற்கும் வராது. அதற்கு எதிராக 'நின்று எரியும்'. எச்சரிக்கை வாசகத்தில் இடம் இருந்தால் 'விட்டு விட்டு எரியும்' என்று நீட்டியே எழுதுங்கள், தப்பில்லை. 'பிளிங்க் ஆகும்' என்று எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன், அது புரிகிறது. புரியாத தமிழுக்குப் புரிகிற இரவல் மேல் என்று சொன்னால் நண்பர் என்னோடு பேசமாட்டார், பரவாயில்லை.

டயர் காற்று விளக்கைப் பாருங்கள். மஞ்சள் நிறம், அண்டாவை நடுவில் வெட்டின மாதிரி, உள்ளே ஓர் ஆச்சரியக்குறி. நின்று எரிந்தால் டயரில் காற்று குறைவு. வண்டி எடுத்ததும் ஒரு நிமிடம் போல சிமிட்டிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் காற்றை அளக்கிற சென்சாரிலேயே கோளாறு. இதற்கு ஒரு கையேட்டுத் தமிழ்: 'சுமார் ஒரு நிமிடம் ஒளிரும், பின்னர் ஒளிர்ந்தபடி இருக்கும்.' இதை எழுதினவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய்விட்டுப் படித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். காற்றடிக்கிற கடையில் நாலு டயருக்கும் காற்று பிடித்துவிட்டு, விளக்கு ஏன் போகவில்லை என்று கடைப்பையனைத் திட்டுகிறவர்கள் இந்த வரியைப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தான் கையேட்டில் பென்சிலால் 'ஒளிரும்' என்பதை அடித்துவிட்டு மேலே தன் சொந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார்: 'கண்ணடிக்கும்'. நான் சொன்ன 'சிமிட்டும்' அவருக்குப் பிடிக்கவில்லையாம். போன வாரம் குற்றாலம் போகும்போது டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே, "இப்ப கண்ணடிக்கல மாப்ள, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா எழுந்து உட்கார்ந்து, "யாரு?" என்றாள்.