நிழல் கீழிருந்து ஏறினால்

ஐம்பத்து நான்கு வயதுத் தையல்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலிருந்தே மைனஸ் ஆறு கண்ணாடி. செவ்வாய் இரவு, விளக்கை அணைத்த பிறகு வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் இரண்டு மூன்று முறை ஒளி. மறுநாள் அதே கண்ணில் கொசுக்கூட்டம்போல் கறுப்புப் புள்ளிகள். "புரை வருதுபோல" என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை, மூக்கை ஒட்டிய கீழ் மூலையில் ஒரு கருநிழல் ஏறத் தொடங்கியது. இரண்டு கண்ணையும் திறந்திருந்தபோது இடக்கண் அதை மறைத்துவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க இடக்கண்ணை மூடியபோதுதான் தெரிந்தது.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ், வயதாக ஆக நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். பெரும்பாலோருக்கு இது தொல்லையின்றி முடிந்துவிடும். சிலருக்கு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு திரையை இழுக்கும். அந்த இழுப்புதான் மின்னலாகத் தெரிகிறது. இழுப்பு வலுத்தால் குதிரை லாட வடிவில் திரை கிழியும். கிழியும்போது கசியும் இரத்தம் கொசுவாக மிதக்கும். பிறகு நீர் அந்தக் கிழிசல் வழியாகத் திரைக்குப் பின்னால் புகுந்து, ஈரச் சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல் திரையைப் பிரிக்கும். இதுதான் விழித்திரை உரிதல். ஒளியை உணரும் செல்களுக்கு உணவு பின்னால் உள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான் வருகிறது. பிரிந்த இடம் பட்டினி கிடக்கிறது.

கண்ணின் உள்ளே விழும் பிம்பம் தலைகீழானது. அதனால் மேல்பக்கத் திரை உரிந்தால் நிழல் கீழே தெரியும். கீழிருந்து ஏறும் நிழலை நான் மிகவும் அஞ்சுவேன். மேலே புகுந்த நீர் தன் எடையாலேயே பார்வை மையமான மாக்குலாவை நோக்கி இறங்கும் என்பதே காரணம்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் படம் எடுத்தால், நலமான திரை ஆரஞ்சுச் சிவப்பாக ஒரே சீராக இருக்கும். உரிந்த பகுதி சாம்பல் நிறமாக, சுருக்கம் விழுந்த துணிபோல் தெரியும். அதன்மேல் ஓடும் குழாய்கள் கறுத்து வளைந்து கிடக்கும். பார்வை நரம்பு தொடங்கும் நரம்புத் தட்டு தெளிவாக விழுந்த அதே படத்தில் உரிந்த இடம் மட்டும் மங்கியிருக்கும், ஏனெனில் அது முன்னுக்கு எழும்பி நிற்கிறது. ஆனால் வழக்கமான கேமரா சுமார் 45 பாகை அளவு நடுப்பகுதியைத்தான் பிடிக்கும். கிழிசல்களோ பெரும்பாலும் ஓரத்தில் வருபவை. ஆகவே "படம் நல்லா இருக்கு" என்பது மின்னலும் கொசுவும் கண்டவருக்குப் போதாது. விரித்த கண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்திச் சுற்றிலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கிழிசலாகவே பிடிபட்டால் அதைச் சுற்றி லேசரால் தழும்பு உண்டாக்கிவிடலாம், சில நிமிட வேலை. உரியத் தொடங்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான். கிழிசலை மூடினால்தான் திரை ஒட்டும் என்று லோசான் நகரத்து ஜூல் கோனன் 1920களில் நிறுவும்வரை, கிட்டத்தட்ட எல்லாருமே பார்வை இழந்தார்கள். இன்று மாக்குலா இன்னும் ஒட்டியிருந்தால் ஒரு நாளைக்குள் அறுவை செய்ய முயல்வார்கள். அது உரிந்துவிட்டால் சில நாட்களுக்குள். திரை ஒட்டினாலும் பழைய கூர்மை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஒரு கண் திடீரென மங்க இன்னொரு காரணமும் உண்டு: விழித்திரையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை அடைத்துக்கொள்வது. இந்தச் சிரை அடைப்பின் படம் வேறு. அங்கே நிறம் சாம்பல் அல்ல, சிவப்பு. தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். இரத்த அழுத்தத்தால் தடித்த தமனி அங்கே சிரையை நசுக்க, இரத்தம் உறையும். வடிகால் அடைத்த வீதிபோல் பின்னால் தேங்கிக் கசியும். கிளைச் சிரை அடைத்தால், அந்தக் கடப்பிலிருந்து விசிறிபோல் விரியும் தீக்கொழுந்து வடிவ இரத்தத் திட்டுகள் தெரியும். நடுச்சிரையே அடைத்தால் நாலு திசையும் அப்படி. இதில் வலி பெரும்பாலும் இராது. காலையில் எழுந்ததும் ஒரு கண் மங்கலாக இருக்கும், அவ்வளவே.

இங்கே அவசரம் மணிக்கணக்கில் அல்ல, ஆனாலும் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மாக்குலாவில் நீர் கோத்து வீங்கினால் கண்ணுக்குள் ஊசி மருந்து போட்டு இறக்கலாம், பெரும்பாலும் தொடக்கத்தில் மாதம் ஒன்றாக. வீக்கம் நீண்ட நாள் நின்றால் செல்கள் கெட்டுவிடும். நடுச்சிரை அடைப்பு கடுமையாக இருந்தால், இரத்தம் கிடைக்காத திரை புதிய குழாய்களை முளைக்கச் செய்து, சில மாதங்களில் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால்தான் பார்வை தேறியதாகத் தோன்றினாலும் அடுத்த பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அன்றே பார்ப்பார்கள்.

நம் தையல்காரர் திங்கட்கிழமை வந்தார். நிழல் அதற்குள் நடுப்பார்வையைத் தொட்டிருந்தது. கூழை அகற்றி, வாயுக் குமிழி நிரப்பித் திரையை ஒட்டவைத்தார்கள். அந்தக் குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, மேலே போகப் போக அது விரியும். இப்போது வலக்கண்ணால் பார்த்தால் அளவுநாடாவின் கோடுகள் அவருக்குச் சற்று நெளிகின்றன.